ரேடியலா, நைலோனா? பழைய லொறிக்கும் பழைய காருக்கும் ரயர் மாற்றுமுன் கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின், மொறிஸ் வைத்திருப்பவர்களும் கல்லும் மணலும் ஏற்றும் பழைய டாடா, லேலண்ட் லொறிக்காரரும் ரயர் வாங்கப் போகும்போது திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கேள்விகள் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே இருக்கின்றன.

ரெண்டும் கறுப்பு ரயர்தானே. உள்ளுக்கு அப்பிடி என்ன வித்தியாசம்?

நூல் ஓடும் திசைதான் வித்தியாசம். ரயரின் பாரத்தைத் தாங்குவது றப்பர் அல்ல, அதற்குள் இருக்கும் நூல் படைகள். நைலோன் ரயர் என்று நாங்கள் சொல்லும் பழைய வகையில் இந்த நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மற்ற விளிம்புக்குச் சரிவாகப் போகும். ஒரு படை இடப்பக்கம் சரிந்தால் அடுத்த படை வலப்பக்கம் சரியும். இப்படிப் பல படைகள் ஒன்றன் மேல் ஒன்றாக, பக்கத்திலும் றோட்டில் படும் முகத்திலும் ஒரே கட்டாக இருக்கும். ரேடியலில் நூல் சரிவதில்லை. விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேர்குறுக்காகப் போகும். அதற்கு மேல், முகத்துக்குக் கீழே மட்டும், உருக்குக் கம்பிப் பட்டிகள் ரயரைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருக்கும்.

ஒரு சாரத்தை எடுத்து நூல் போகும் திசையில் இழுத்துப் பாருங்கள், அசையாது. மூலைக்கு மூலை இழுத்தால் நீண்டு ஒடுங்கும். நைலோன் ரயரின் உடம்பு முழுவதும் அந்த மூலைக்கு மூலை நிலையில்தான் இருக்கிறது. பாரம் ஏறிப் பக்கம் மடங்கும்போது முகமும் சேர்ந்து நெளியும். நெளிந்த முகம் றோட்டில் உரசித் தேயும், படைகள் ஒன்றோடொன்று அரைபட்டுச் சூடேறும். ரேடியலில் பக்கம் தன் பாட்டில் மடங்கும். பட்டி கட்டிய முகம் தட்டையாகவே றோட்டில் படியும். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒரு விடயத்திலிருந்துதான் வருகின்றன.

மிச்லின் நிறுவனம் ரேடியலுக்குக் காப்புரிமை எடுத்தது 1946 இல், விற்பனைக்கு விட்டது 1949 இல். எங்கள் ஊரில் இன்றும் ஓடுகிற ஒஸ்ரின், மொறிஸ் கார்களில் பல அதற்குப் பிறகு வந்தவை. ஆனாலும் அவை நைலோனுக்கு முந்திய பருத்தி, ரேயோன் நூல் காலத்துச் சரிவு நூல் ரயர்களை மனத்தில் வைத்தே வடிவமைக்கப்பட்டவை.

எங்கட லொறியில கிடக்கிறது எந்த வகை எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

அளவு எழுதியிருக்கும் இடத்தைப் பாருங்கள். 9.00-20 என்று நடுவில் கோடு இருந்தால் நைலோன். 9.00R20 என்று R இருந்தால் ரேடியல். எழுத்துத் தேய்ந்துபோயிருந்தால் ஒரு காந்தத்தை முகத்தின் நடுவில் வைத்துப் பாருங்கள். உருக்குப் பட்டி இருந்தால் இழுக்கும். விளிம்புக்குக் கிட்ட வைத்துப் பார்க்கக் கூடாது. இரண்டு வகையிலும் விளிம்புக்குள் கம்பி வளையம் இருப்பதால் அங்கே காந்தம் எப்படியும் ஒட்டும்.

16 பிளை எண்டு போட்டிருக்கு. ரேடியலிலயும் 16 படை இருக்குமோ?

இல்லை. அது பருத்தி நூல் காலத்துக் கணக்கு. அத்தனை பருத்திப் படை தாங்கும் பலம் இதற்கு உண்டு என்பதே பொருள். நைலோனில் உண்மையான படைகள் அதைவிடக் குறைவு. உருக்குக் கம்பி லொறி ரேடியலின் உடம்பில் பெரும்பாலும் ஒரே ஒரு படைதான்.

ரேடியல்தான் நல்லதெண்டால் கல்லுக்கும் மணலுக்கும் ஓடுற லொறியள் ஏன் இன்னும் நைலோன் போடுதுகள்?

அந்த லொறிகளின் ரயர் தேய்ந்து சாவது குறைவு, வெட்டுப்பட்டுச் சாவதே கூட. கல் உடைக்கும் இடத்தில் சுண்ணாம்புக்கல்லின் விளிம்பு கத்திமாதிரி நிற்கும். குச்சொழுங்கைக்குள் திருப்பும்போது முருகைக்கல் மதிலில் ரயரின் பக்கம் உரசும். நைலோன் ரயரின் பக்கத்தில் பல படைகள் குறுக்கும் மறுக்குமாக இருப்பதால், மேல் படை இரண்டு அறுந்தாலும் மற்றவை பிடித்துக்கொள்ளும். ரேடியலின் பக்கத்தில் அந்த ஒற்றைப் படைதான் எல்லாம். போதாததற்கு அது மடங்குவதற்கென்றே மெல்லியதாகச் செய்யப்பட்டு, பாரம் ஏறியதும் வெளியே பிதுங்கி நிற்கும். கல்லுக்கு முதலில் அகப்படுவதும் அந்த இடமே.

இன்னொரு காரணம் துரு. வெட்டு ஆழமாக விழுந்து உருக்குக் கம்பி வெளியே தெரிந்தால், உள்ளே போகும் ஈரம் கம்பி வழியே ஊர்ந்து துருவேற்றும். கடற்கரையை ஒட்டி மணலும் உப்பும் ஏற்றும் வண்டிக்கு இது கெதியில் நடக்கும். நைலோன் நூல் துருப்பிடிக்காது.

மூன்றாவது, ரேடியலின் நன்மைகள் வெளிப்பட ஓட்டம் வேண்டும். ஒரு நாளைக்கு நாலு நடை, நடைக்குப் பத்துக் கிலோமீற்றர், மணிக்கு 30 தாண்டாத வேகம் என்று ஓடும் லொறியில் ரயர் சூடேறுவதற்குள் நடை முடிந்துவிடும். எரிபொருள் மிச்சமும் நீண்ட தேய்மான ஆயுளும் கணக்கில் ஏறுவதற்கு முன்னரே ஏதாவது ஒரு கல் ரயரை முடித்துவிடும். அந்த வேலைக்கு விலை குறைந்த, ஒட்டிப் பாவிக்கக்கூடிய ரயர்தான் புத்தி. வயல் உழும் உழவு இயந்திரங்கள் பல இன்னும் நைலோனில் நிற்பதற்கும் இதே கணக்குத்தான்.

அப்ப ஏ9 ஆல கொழும்புக்கு ஓடுற லொறிக்கு?

ரேடியல். லொறியின் வயதைப் பார்த்து இதைத் தீர்மானிக்கத் தேவையில்லை. ஆனையிறவு தாண்டி வெயில் றோட்டில் நிற்காமல் இரண்டு மூன்று மணித்தியாலம் பாரத்தோடு ஓடினால் நைலோன் ரயரின் படைகளுக்குள் ஏறும் சூடு வெளியேற வழியில்லாமல் சேரும். றப்பர் இளகிப் படைகள் பிரியத் தொடங்கும். முகத்தில் ஒரு இடம் மட்டும் புடைத்து நிற்பதும், வண்டி ஒரே தாளத்தில் குலுங்குவதும் அதற்கு அடையாளம். அதோடு ஓடினால் அடுத்தது முகம் கழன்று பறப்பதுதான்.

நைலோனோடுதான் ஓட வேண்டியிருந்தால், புறப்படுமுன் குளிர்ந்த ரயரில் காற்றை அளந்து எழுதி வையுங்கள். வழியில் முதல் நிறுத்தத்தில் மறுபடி அளவுங்கள். 100 இறாத்தல் 110, 115 ஆகியிருந்தால் வழமை. 120 ஐத் தாண்டினால் பாரம் கூட, அல்லது தொடக்கத்தில் காற்றுக் குறைவு, அல்லது வேகம் கூட. சூட்டில் கூடின காற்றைத் திறந்து விடக் கூடாது. விட்டால் ரயர் இன்னும் மடங்கும், இன்னும் சூடேறும். ஆற விட்டு, பாரத்தையோ வேகத்தையோ குறைக்க வேண்டும்.

பின் சோடியில ஒண்டு வெடிச்சுப்போச்சு. உள்ளுக்கு பழைய நைலோன், வெளியில புது ரேடியல் போட்டு ஓடலாமோ?

ஓடக் கூடாது. கடைகளில் அதிகம் நடக்கும் பிழை இது. சோடி ரயர் இரண்டும் ஒரே அச்சில் ஒரே உயரத்தில் நிற்கின்றன, ஒரே சுற்றுச் சுற்றுகின்றன. ரேடியல் மென்மையானது, அதே பாரத்துக்குக் கூடுதலாக அமுங்கும். விறைத்த நைலோன் அமுங்க மறுக்கும். ஆகவே பாரத்தின் பெரும்பங்கு நைலோனின் தலையில் விழும்.

விளங்குவதற்காக ஒரு கணக்குப் போடுவோம். தனியே 2,000 கிலோ ஏற்றினால் நைலோன் 32 மி.மீ அமுங்குகிறது, ரேடியல் 40 மி.மீ அமுங்குகிறது என்று வையுங்கள். அதாவது ஒரு மி.மீ அமுங்க நைலோனுக்கு 62.5 கிலோ வேண்டும், ரேடியலுக்கு 50 கிலோ போதும். இப்போது சோடிக்கு 4,000 கிலோ. இரண்டும் ஒரே அளவு அமுங்க வேண்டும் என்பதால் 4,000 ஐ 112.5 ஆல் பிரித்தால் 35.6 மி.மீ வரும். அந்த அமுக்கத்தில் நைலோன் ஏறத்தாழ 2,220 கிலோவும் ரேடியல் 1,780 கிலோவும் சுமக்கும். ஏற்கெனவே வயதான, சூட்டுக்குப் பயந்த ரயருக்குத்தான் நூற்றுக்குப் பதினொரு பங்கு மேலதிகச் சுமை. வண்டி அளவுக்கு மேல் ஏற்றியிருந்தால் அதுவும் இதன்மேல் சேரும். உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாததால் வெடிக்கும்வரை யாருக்கும் தெரியாது.

சரி, என்ன செய்வது? ஆறு சில்லும் நைலோனாக இருக்கும் லொறிக்கு ஒரே ஒரு ரயர்தான் வேண்டுமென்றால் நைலோனே வாங்குங்கள், அதுவும் பக்கத்து ரயரோடு உயரம் பொருந்துவதாக. 9.00-20 உம் அதற்கு மேலும் உள்ள அளவுகளில் சோடிக்குள் விட்ட வித்தியாசம் 12 மி.மீ தாண்டக் கூடாது. 8.25-20 உம் அதற்குக் கீழும் என்றால் 6 மி.மீ. விட்டத்தை நேரே அளப்பது கரைச்சல். காற்று அடித்த ரயரின் நடுமுகத்தைச் சுற்றி நாடா பிடித்துச் சுற்றளவை எடுத்தால், அதே எல்லை முறையே 38 மி.மீ, 19 மி.மீ ஆகும். சிறியதை உள்ளே போடுங்கள். றோட்டு நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிவதால் வெளி ரயர் பெரிதாக இருப்பதே நல்லது.

ரேடியலுக்கு மாறத்தான் வேண்டும் என்றால் பின்னுக்கு நாலையும் ஒன்றாக மாற்றுங்கள். இடப்பக்கச் சோடி ரேடியல், வலப்பக்கச் சோடி நைலோன் என்பதும் கூடாது. மாற்றிய பிறகு பாரத்தோடு நிறுத்தி, நிலத்துக்குக் கிட்ட இரண்டு ரயருக்கும் இடையே கை நுழைகிறதா என்று பாருங்கள். ரேடியல் பிதுங்குவதால் நைலோனுக்குப் போதுமாக இருந்த இடைவெளி ஒடுங்கும். பக்கங்கள் தொட்டு உரசினால் இரண்டும் போகும்.

காருக்கு முன்னுக்கு ரெண்டு புது ரேடியல், பின்னுக்கு பழைய நைலோன். அது பரவாயில்லைத்தானே?

அதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான சேர்க்கை. திருப்பத்தில் ரேடியல் குறைந்த நெளிவோடு கெட்டியாகப் பிடிக்கும், நைலோன் பக்கவாட்டில் கூட நழுவும். முன்பக்கம் பிடித்துப் பின்பக்கம் நழுவினால் காரின் வால் வெளியே வீசும். மழை நேரத்தில் பிரேக்கோடு திருப்பினால் சுற்றியே விடும். நாலும் ஒரே வகையாக இருப்பது சரி. வேறு வழியில்லை என்றால் ரேடியல் பின்னுக்கு, நைலோன் முன்னுக்கு. அப்போது முன்பக்கம் முதலில் நழுவும். ஸ்ரியறிங்கில் அது தெரியும், வேகத்தைக் குறைத்தால் திரும்பிவிடும். லொறிக்கும் இதே விதிதான். முந்திய பதிலில் பின்னுக்கு நாலையும் மாற்றலாம் என்று சொன்னது அதனால்தான்.

என்ர மொறிஸ் மைனருக்கு 5.20-14 கிடைக்குதில்லை. எந்த ரேடியல் சரிவரும்?

145/80R14 அல்லது பழைய எழுத்தில் 145R14. மைனரின் றிம் ஒடுங்கியது. 155, 165 போட்டுத் திரிபவர்கள் உண்டு. ஆனால் அகன்ற ரயரை ஒடுங்கிய றிம்மில் பிடித்தால் விளிம்புகள் நெருக்கப்பட்டு முகம் நடுவில் உயர்ந்து நடுமட்டும் தேயும். ரேடியல் தருகிற தட்டையான பிடியை நீங்களே கெடுத்ததாக முடியும். பாரத்தைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை. பக்கத்தில் 76 என்று சுமை எண் இருந்தால் ரயருக்கு 400 கிலோ. நாலு பேர் ஏறின மைனர் அந்த 1,600 க்குக் கிட்டவும் வராது.

உயரம் சற்றுக் குறையும். 145 இன் நூற்றுக்கு 80 என்றால் 116 மி.மீ. மேலும் கீழுமாக 232, அதோடு 14 அங்குல றிம் 356, மொத்தம் 588 மி.மீ. பழைய 5.20-14 ஏறத்தாழ 24 அங்குலம், அதாவது 610 மி.மீ. வித்தியாசம் நூற்றுக்கு மூன்றரை அளவு. மீற்றர் 40 மைல் காட்டும்போது உண்மையில் 38½ தான் போவீர்கள். எஞ்சின் அந்த அளவுக்குக் கூடச் சுற்றும். ஒழுங்கைக்குள் எடுப்பு நன்றாக இருக்கும், நீண்ட றோட்டில் கொஞ்சம் இரைச்சல் கூடும். உங்கள் காருக்குச் சரியாக அறிய, ரயரிலும் தரையிலும் சோக்கட்டியால் கோடு போட்டு, ஒரு முழுச் சுற்று உருட்டி, தரையில் நீளத்தை அளவுங்கள். பழையதையும் புதியதையும் ஒப்பிட்டால் போதும்.

போடுமுன் றிம்மைக் கழற்றித் துருவைச் சுரண்டி, நட்டுத் துளைகளைச் சுற்றியும் நடுத்தட்டு றிம்மோடு சேரும் இடத்திலும் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ரேடியல் திருப்பத்தில் நன்றாகப் பிடிப்பதால் அந்த இழுவை முழுவதும் றிம்முக்குப் போகும். அறுபது எழுபது வருடத்து றிம் சில அதற்கு ஈடுகொடாது. போட்ட பிறகு, நிறுத்தி வைத்துத் திருப்ப ஸ்ரியறிங் பாரமாக இருக்கும். ஓட்டத்தில் லேசாகி, றோட்டு ஓரப் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு அலையும் பழக்கம் நின்றுவிடும். முன்சில்லு இரண்டும் முன்னால் சற்று உள்நோக்கி நிற்கும் அளவு, கைநூலில் உள்ளது பழைய ரயருக்கானது. ரேடியலுக்கு அதைவிடக் குறைவாக வையுங்கள். முன்ரயரின் வெளி ஓரம் செதில் செதிலாகத் தேயத் தொடங்கினால் இன்னும் கூடுதலாக உள்நோக்கி நிற்கிறது என்று அர்த்தம்.

பழைய ரியூப் நல்லாத்தான் கிடக்கு. அதையே ரேடியலுக்குள்ள போடலாமோ?

போடாதீர்கள். ரேடியலின் பக்கம் ஒவ்வொரு சுற்றிலும் கூட மடங்குவதால் ரியூப்பும் கூட மடங்கும். சாதாரண ரியூப் மூட்டுப் போட்ட இடத்தில் வெடிக்கும், அல்லது மடிப்பில் அரைபட்டு ஓட்டையாகும். ரேடியலுக்கு என்று எழுதின ரியூப் வேண்டும். அதை நைலோனுக்குள்ளும் போடலாம், மறுபக்கம்தான் கூடாது. ரயர் புதிது என்றால் ரியூப்பும் புதிது, லொறிக்கு அதற்கு அடியில் போகும் பிளாப்பும் புதிது. ஒருமுறை காற்றில் நீண்ட ரியூப் புது ரயருக்குள் மடிந்துதான் கிடக்கும்.

ரியூப்லெஸ் ரேடியல் என்றாலும் பழைய காருக்கு ரியூப் போடத்தான் வேண்டும். இன்றைய றிம்மில் விளிம்பு உள்ளே நழுவாமல் தடுக்க ஒரு மேடு இருக்கும். பழைய றிம்மில் அது இல்லை. ரயருக்குள் கடதாசி ஸ்ரிக்கர் ஒட்டியிருந்தால் உரித்து விடுங்கள். அந்தச் சிறு விளிம்பே ரியூப்பை அறுத்துவிடும்.

ரேடியல் போட்ட நாளில இருந்து காத்து இல்லாத மாதிரி வயிறு தள்ளுது. இன்னும் அடிக்கவோ?

அளவியால் அளந்து பார்க்காமல் அடிக்காதீர்கள். பக்கம் பிதுங்குவது ரேடியலின் இயல்பு. வயிறு உள்ளே போகும்வரை அடித்தால் நடு முகம்தான் தேயும், வண்டி துள்ளும். காரின் கைநூலில் நைலோனுக்கு 22, 24 இறாத்தல் என்று இருந்தால், அதைவிட நாலு இறாத்தல் கூட வைத்துத் தொடங்கி, சில மாதத்தில் தேய்மானத்தைப் பாருங்கள். நடு தேய்ந்தால் குறையுங்கள், இரண்டு ஓரமும் தேய்ந்தால் கூட்டுங்கள். ரயரில் எழுதியுள்ள உச்ச அளவைத் தாண்ட வேண்டாம்.

எதிர்ப்பிழை இன்னும் மோசம். வயிறு தள்ளுவது வழமைதானே என்று உண்மையில் காற்று இறங்கின லொறி ரேடியலோடு ஓடினால், பக்கத்துக் கம்பிகள் மடங்கி மடங்கி ஒவ்வொன்றாக முறியும். வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு கடையில் காற்று அடிக்கும்போது பக்கம் சிப் திறந்தமாதிரி ஒரே இழுப்பில் கிழிந்து வெடிக்கும். எதிரே நின்றவர் உயிர் தப்புவது அரிது. ஆகவே வழமையான அளவின் நூற்றுக்கு 80 க்குக் கீழ் ஓடின உருக்கு ரேடியலைக் கழற்றி உள்ளே பார்க்காமல் காற்று அடிக்கக் கூடாது. பக்கத்தைக் கையால் தடவும்போது அலைபோல் தட்டுப்பட்டாலோ, மடக்கும்போது நொறுக்கென்று சத்தம் கேட்டாலோ அது குப்பைக்கு. லொக் றிங் உள்ள றிம் என்றால் இரும்புக் கூட்டுக்குள் வைத்து, நீண்ட குழாயால், பக்கவாட்டில் விலகி நின்று அடிக்க வேண்டும். இது நைலோனுக்கும் பொருந்தும்.

காலமை எடுக்கேக்க கார் தடக்குத் தடக்கெண்டு துள்ளுது. கொஞ்ச தூரம் ஓடினாச் சரியாகுது. என்ன நோய்?

நோய் இல்லை. இரவெல்லாம் ஒரே இடத்தில் நின்ற நைலோன் நூல், ஓட்டச் சூடு ஆறும்போது நிலத்தில் பட்ட தட்டை வடிவிலேயே இறுகிவிடும். மறுபடி சூடானதும் வட்டமாகும். சில கிலோமீற்றர் ஓடியும் துள்ளல் போகாவிட்டால்தான் ரயரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அது படை பிரிந்த புடைப்பாக இருக்கலாம்.

சண்டை நேரத்தில பக்கம் கிழிஞ்ச ரயருக்குள்ள ரயர்த்துண்டு வைச்சு ஓடினனாங்கள். ரேடியலுக்கும் அப்பிடிச் செய்யலாமோ?

செய்யேலாது. பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் கார் ஓடின காலத்தில் அந்த வேலை நின்றுபிடித்ததற்குக் காரணம், சுற்றியுள்ள படைகள் விறைப்பாக நின்று துண்டை அசையவிடாமல் பிடித்ததுதான். அப்போதும் மெதுவான ஓட்டத்துக்கு மட்டுமே அது பொருந்தியது. ரேடியலின் பக்கம் மடங்குவதற்காகவே இருக்கிறது. உள்ளே விறைத்த துண்டு வைத்தால் அதன் விளிம்பில் மடிப்பு விழுந்து, பக்கத்து நூலும் அறும், ரியூப்பும் அரைபடும். முகத்தின் நடுவில் ஏறின ஆணித் துளையை ரேடியலில் நன்றாக ஒட்டலாம். கார் ரேடியலின் பக்கத்தில் நூல் அறுந்திருந்தால் ஒட்டுக் கிடையாது.

கலியாணத்துக்கு மட்டும் எடுக்கிற ஒஸ்ரின் சொமர்செற். ரயர் தேயவே இல்லை, ஆனா வாங்கிப் பதினைஞ்சு வருசம். மாத்த வேணுமோ?

மாற்ற வேண்டும். ஓடாத ரயர் தேயாது, ஆனால் றப்பர் காயும். பக்கத்தில் சிறு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2310 என்றால் 2010 ஆம் ஆண்டின் 23 ஆவது கிழமையில் செய்தது. பத்து வருடம் தாண்டினது, பூ எவ்வளவு ஆழமாக இருந்தாலும், வெளி றோட்டுக்கு வேண்டாம். பூ இடுக்கிலும் விளிம்புக்குக் கிட்டவும் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் அதற்கு முன்னரே மாற்றுங்கள்.

சொமர்செற்றுக்கு 5.25-16. காரைப் பழைய உருவத்திலேயே வைத்திருந்து, 30 மைலில் மண்டபத்துக்குப் போய் வருவதென்றால் நைலோனே தேடிப் போடுங்கள். உயர்ந்து ஒடுங்கின அந்த ரயரில்தான் காரின் நிற்கை சரியாக இருக்கும், நழுவும்போதும் மெல்ல மெல்ல அறிவித்து நழுவும். வாங்கும்போது அந்த நாலு இலக்கத்தைக் கடையிலேயே பாருங்கள். அருமையான அளவுகள் கடைத் தட்டிலேயே பல வருடம் கிடந்திருக்கும். மாதக்கணக்கில் நிறுத்துவதென்றால் அச்சுக்கு அடியில் கட்டை கொடுத்துச் சில்லைத் தூக்கி விடுங்கள். மோட்டரோ மின்சார இயந்திரமோ ஓடும் இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டாம், அதிலிருந்து வரும் ஓசோன் றப்பரை வெடிக்க வைக்கும்.